ரிசப்ஷன் முடிந்து முகூர்த்தம் வரை: பேட்டரி, கார்டு, பேக்கப் - சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

நம் ஊர்க் கல்யாணம் பெரும்பாலும் முந்தைய நாள் மாலை ரிசப்ஷனில் தொடங்கி, மறுநாள் மதியச் சாப்பாட்டில் முடிகிறது. நடுவில் ராத்திரி 11 மணியிலிருந்து விடிகாலை 4 மணி வரை ஒரு இடைவெளி கிடைக்கும். எத்தனை பேட்டரி வேண்டும், எத்தனை கார்டு வேண்டும் என்பதை இந்த ஐந்து மணி நேரம்தான் தீர்மானிக்கிறது. சில வருடங்களாக இரண்டு சோனி ஏ7 மார்க் 3 பாடிகளோடு கல்யாணங்கள் எடுத்து வருகிறேன். என் கணக்கு முழுவதும் அந்த ராத்திரியிலிருந்து பின்னோக்கிப் போடுவதுதான்.

முதலில் பேட்டரி. இந்த கேமராவின் எஃப்இசட்100 பேட்டரிக்கு, வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் சுமார் 610 படங்கள் என்று நிறுவனம் சொல்கிறது. கல்யாணத்தில் அந்த எண்ணிக்கையை நம்பித் திட்டமிட முடியாது. தொடர்ச்சியாகச் சுடும்போது ஆயிரத்தைத் தாண்டியும் போகும். மேடையில் வரிசையாகக் குடும்பப் படம் எடுக்கும்போதோ, அடுத்த ஆட்கள் வரும் வரை கேமரா ஆனிலேயே இருப்பதால் படம் குறைவாகவும் சார்ஜ் செலவு அதிகமாகவும் இருக்கும். அதனால் நான் நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். ஐந்து மணி நேர ரிசப்ஷனுக்கு ஒரு பாடிக்கு இரண்டு பேட்டரி, காலை 4 முதல் மதியம் 1 வரை மூன்று. இரண்டு பாடிக்குச் சேர்த்து மாலையில் நான்கு, காலையில் ஆறு.

அப்படியென்றால் பத்து பேட்டரி வாங்க வேண்டுமா? வேண்டாம். ஆறு இருந்தால், மாலையில் தீர்ந்த நான்கை ராத்திரி ஏற்றிவிட்டால் காலைக்கு ஆறும் தயார். சிக்கல் சார்ஜரில்தான் வரும். இந்த பேட்டரிக்கான சோனியின் தனி சார்ஜர் காலியான ஒன்றை நிரப்ப ஏறக்குறைய 150 நிமிடம் எடுத்துக்கொள்ளும். இரண்டு சார்ஜர் மட்டும் இருந்தால், ராத்திரி ஒன்றரை மணிக்கு யாராவது எழுந்து பேட்டரியை மாற்ற வேண்டும். மறுநாள் ஒன்பது மணி நேரம் நிற்கப் போகிறவர் தூக்கத்தை இதற்காகக் கெடுத்துக்கொள்வது சரியில்லை. கேமராவுக்குள் வைத்தே கேபிளில் ஏற்றினால் கூடவே வரும் அடாப்டரில் சுமார் 285 நிமிடம் ஆகும். அதாவது கிட்டத்தட்ட அந்த இடைவெளி முழுவதும். அதனால் கூடுதல் பேட்டரி வாங்குவதற்கு முன் நான்கு சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஏழாவது பேட்டரி ஒன்று காப்புக்கு இருந்தால் நிம்மதி.

ஒரே அடாப்டரில் இரண்டு பேட்டரி ஏற்றும் டூயல் சார்ஜர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலவற்றில் வரும் கரண்ட் இரண்டாகப் பிரிந்துதான் போகும், ஆகவே நேரம் மிச்சமாகாது. அப்புறம், மண்டப அறையில் கிடைக்கும் பிளக் பாயிண்ட் ஒன்றோ இரண்டோதான். ஜங்ஷன் பாக்ஸ் கையோடு வர வேண்டும். லாட்ஜில் தங்கினால், சாவி அட்டையை எடுத்தவுடன் அறைக்கே கரண்ட் போகிறதா என்று முதலில் பாருங்கள். மண்டபமாக இருந்தால், படுக்கப் போகும்போது எந்த மெயினை அணைப்பார் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டு வையுங்கள்.

பேட்டரிகளுக்கு எண் ஒட்டி வைத்திருக்கிறேன். வயதானதை அடையாளம் காண அதுதான் உதவுகிறது. முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று பத்துக்கு இறங்கினால், அதைக் காலை வேலையிலிருந்து எடுத்துவிடுவேன். லேசாக உப்பி, ஸ்லாட்டிலிருந்து சிரமப்பட்டு வெளியே வந்தால் அது பையிலேயே இருக்கக்கூடாது.

அடுத்தது கார்டு. இந்த கேமராவில் இரண்டு ஸ்லாட் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது வேகமான யூஎச்எஸ்-2, இரண்டாவது யூஎச்எஸ்-1. இரண்டிலும் ரா எழுத வைத்தால், பஃபர் காலியாவது மெதுவான ஸ்லாட்டின் வேகத்தில்தான் நடக்கும். கெட்டிமேளம் கொட்டும்போது தொடர்ச்சியாகச் சுட்டால், சில நொடிகளில் கேமரா தடுமாறுவது தெரியும். அதனால் முதல் ஸ்லாட்டில் கம்ப்ரஸ்டு ரா, இரண்டாவதில் ஜேபெக் என்று வைத்திருக்கிறேன். ரா ஒன்று சுமார் 24 எம்பி, ஜேபெக் சுமார் 10 எம்பி. ரா கார்டு செத்தாலும் ஆல்பம் போடும் அளவுக்குப் படம் மிஞ்சும்.

ஒரு பாடியில் ரிசப்ஷனுக்கு 1,500 படம் என்றால் ரா 36 ஜிபி, 64 ஜிபி கார்டு தாராளம். காலையில் 2,500 படம் என்றால் 60 ஜிபி. 64-ல் உட்காரும், ஆனால் இழுபறியாக. ஆகவே காலைக்கு 128. ஜேபெக் பக்கம் இரண்டு வேளைக்கும் சேர்த்து 40 ஜிபிதான் என்பதால், ஒரே 128 கார்டு முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை கேமராவை விட்டு வெளியே வராது. மொத்தம் நான்கு ரா கார்டு, இரண்டு ஜேபெக் கார்டு. சின்னச் சின்ன கார்டாகப் பிரித்து எடுப்பதுதான் பாதுகாப்பு என்று சொல்பவர்கள் உண்டு. ஒற்றை ஸ்லாட் கேமராவுக்கு அது சரி. இரண்டு ஸ்லாட் இருந்தால், கூட்டத்துக்கு நடுவே கார்டைக் கழற்றிக் கைதவற விடும் ஆபத்துதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பொண்ணு கூரைப் புடவை மாற்றப் போகும் நேரம் எனக்கு முக்கியம். எத்தனை சதவீதம் இருந்தாலும் அப்போது இரண்டு பாடியிலும் பேட்டரியை மாற்றிவிடுவேன். கழற்றியதில் பாதி இருந்தால் அது சாப்பாட்டுப் பந்திக்கு ஆகும். தாலி கட்டும் நேரத்தில் பேட்டரிக் கதவைத் திறக்கும் நிலை வரவே கூடாது.

எடுத்து முடித்த ரா கார்டின் பக்கவாட்டு லாக்கைக் கீழே தள்ளிவிடுவது என் பழக்கம். தவறி மறுபடி கேமராவில் போட்டாலும் எழுதாது. லேப்டாப்பும் அதில் தன் குப்பை ஃபைல்களைப் போடாது.

இனி ராத்திரி வேலை. அறைக்குள் நுழைந்ததும் முதலில் சார்ஜர்களில் பேட்டரி, பிறகுதான் லேப்டாப். இரண்டு ரா கார்டும் சேர்ந்து 72 ஜிபி. நொடிக்கு 80 எம்பி என்று வைத்தாலும் ஒரு எஸ்எஸ்டிக்குக் கால் மணி நேரம். இரண்டாவது எஸ்எஸ்டிக்கும் கார்டிலிருந்தே நேரடியாக எடுக்கிறேன். முதல் நகலில் பிழை இருந்தால் அது இரண்டாவதிலும் தொற்றிவிடக் கூடாது.

காப்பி முடிந்தது என்று திரையில் வந்தால் மட்டும் போதாது. எஸ்எஸ்டியை எஜெக்ட் செய்து, கழற்றி மறுபடி மாட்டிவிட்டுத்தான் ஒப்பிடுவேன். இல்லாவிட்டால் கணினி தன் நினைவகத்தில் வைத்திருப்பதையே காட்டி, எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். மேக்கில் நான் ஓட்டுவது இது:

```
rsync -rcnv /Volumes/CARD_A/DCIM/ /Volumes/SSD1/RECEPTION_A/
```

இது எதையும் நகலெடுக்காது. இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படித்து, வேறுபடும் ஃபைலின் பெயரை மட்டும் காட்டும். `.ARW` என்று முடியும் பெயர் எதுவும் வராவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ்காரர்கள் டெராகாப்பியில் வெரிஃபை வசதியைப் பயன்படுத்தலாம். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக ஆகும், அதுவும் பெரும்பாலும் காத்திருப்புதான்.

விடிகாலையில் ஒரு எஸ்எஸ்டி என் பையில், மற்றது வீடியோ தம்பியின் பையில் போகும். ரிசப்ஷன் ரா கார்டுகள் சட்டைப் பையில், சின்ன டப்பாவில். அவற்றை அழித்துக் காலைக்குப் பயன்படுத்துவதே இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, அங்கேயும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கேமராவுக்குள் வைத்து ஃபார்மேட்.

வீடியோவும் நீங்களே எடுப்பதாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி விழுங்கும். சடங்குகளை மட்டும் மூன்று மணி நேரம் எடுத்தாலே 128 ஜிபி கார்டு ஒன்று போதாது. அதற்கு வீடியோவுக்கென்று தனிக் கார்டுகளும், ராத்திரி காப்பிக்கு இன்னொரு மணி நேரமும் ஒதுக்க வேண்டும்.