கூரை டெக்ஸ்ச்சர் வாங்கி ஏமாந்தேன்: அசையாத படத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள்

முப்பரிமாணக் காட்சி ஒன்றுக்காக ஸ்லேட் ஓட்டுக் கூரைக்கும், சிறு மரப்பலகைகளால் வேயும் ஷிங்கிள் கூரைக்கும் டெக்ஸ்ச்சர், அதாவது பரப்பின்மேல் போர்த்தும் படம், செய்து தரும்படி ஒருவரிடம் வேலையை ஒப்படைத்து, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து, ஏழு வாரம் காத்திருந்து, இறுதியில் பயன்படுத்தவே முடியாத கோப்புகளைப் பெற்றுக்கொண்டேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே முறையில் விற்பவர்கள் வேறு சிலரும் இருப்பதால், எதைப் பார்த்து ஏமாந்தேன், எதைச் சோதித்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

என் தேவை மிகத் தெளிவானது. மலைச்சரிவில் சுமார் 40 வீடுகள். கேமரா ஒரு வீட்டின் இறவாரத்துக்குக் கை எட்டும் தூரத்தில் தொடங்கி, மெல்லப் பின்வாங்கி, எதிர் மலைக்குப் போகிறது. அருகில் ஒவ்வொரு ஓடும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தொலைவில் கூரை ஒரே பரப்பாக அமைதியாக இருக்க வேண்டும், ஓட்டுக்கு ஓடு புள்ளி புள்ளியாக மினுங்கக் கூடாது. இதை எழுத்தில் கொடுத்திருந்தேன். அவர் "இது வழக்கமான வேலைதான்" என்று சொல்லி இரண்டு படங்களை அனுப்பினார். ஒன்று ஓடுகளை மிக அருகில் காட்டியது. மற்றொன்று முழு வீட்டையும் காட்டியது. இரண்டும் கூர்மையாக, அழகாக இருந்தன. நான் ஒப்புதல் கொடுத்தேன். அங்கேதான் தவறு நடந்தது.

கோப்புகள் வந்ததும் காட்சியில் பொருத்தி கேமராவை ஓட்டினேன். முதல் பத்து மீட்டர் வரை குறை சொல்ல இடமில்லை. அதற்கப்பால் கூரைகள் கொதிப்பதுபோல் அசைந்தன. வரிசைக் கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் அடுத்த நொடியில் மெலிந்தும் ஊர்ந்தன. வெயில் சாய்ந்து விழுந்த கூரைகளில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றி மறைந்தன. அசையாத படத்தில் இவை அனைத்தும் நுணுக்கமான வேலைப்பாடு போலவே தெரியும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. பிக்சலுக்குள் அடங்காத விவரம் படத்தில் கூர்மையாகத் தோன்றும், அசைவில் இரைச்சலாக மாறும்.

அவர் கொடுத்த மெட்டீரியலைத் திறந்து பார்த்தபோது முதல் காரணம் கிடைத்தது. மிப்மேப் தேர்வைக் கட்டுப்படுத்தும் அளவு −2 என்று வைக்கப்பட்டிருந்தது. மிப்மேப் என்பது ஒரே டெக்ஸ்ச்சரைப் பாதி, கால், அரைக்கால் என்று முன்கூட்டியே சுருக்கி வைத்திருக்கும் அடுக்கு. 2048 பிக்சல் அகலமுள்ள கோப்புக்கு 1 பிக்சல் வரை மொத்தம் 12 நிலைகள் உண்டு. ஒரு பரப்பு திரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதற்கு ஏற்ற நிலையை வன்பொருளே தேர்ந்தெடுக்கும். −2 என்று வைத்தால், தேவையானதைவிட இரண்டு நிலை கூர்மையான, அதாவது ஒவ்வொரு திசையிலும் 4 மடங்கு அடர்த்தியான படத்தை அது எடுக்கும். அசையாத படத்தைக் கூர்மையாகக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை. என்னிடம் வந்த மாதிரிப் படங்களின் கவர்ச்சிக்கு இதுவே காரணம்.

அந்த அளவை 0 ஆக்கினேன். ஊர்வது பெருமளவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பிழை டெக்ஸ்ச்சருக்குள்ளேயே இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஓட்டின் உண்மையான அளவிலிருந்து தொடங்க வேண்டும். 500 மி.மீ. நீளமும் 250 மி.மீ. அகலமும் உள்ள ஸ்லேட் ஓட்டை, இரண்டு வரிசை கீழுள்ள ஓட்டின்மேல் 100 மி.மீ. படியும்படி வேய்ந்தால், வரிசைக்கு வரிசை உள்ள இடைவெளி (500 − 100) ÷ 2, அதாவது 200 மி.மீ. அவர் கொடுத்த 2048 பிக்சல் டெக்ஸ்ச்சர் 4 மீட்டர் பரப்பை மூடியது; ஆகவே அதில் 20 வரிசைகள், வரிசைக்கு 16 ஓடுகள், மொத்தம் 320 ஓடுகள். எண்ணிக்கையில் குறை இல்லை. இப்போது திரைக்கு வருவோம். 1080 வரித் திரையில், செங்குத்தாக 60 பாகைக் கோணத்தில் பார்க்கும் கேமராவுக்கு, 10 மீட்டரில் ஒரு வரிசை நேராகப் பார்த்தால் ஏறக்குறைய 19 பிக்சல் உயரம் பெறும். 50 மீட்டரில் 4 பிக்சலுக்கும் குறைவு. கூரை சாய்வாகத் தெரிவதால் உயரம் பாதியாகக் குறுகுகிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 47 மீட்டரிலேயே வரிசைக்கு 2 பிக்சல்தான் மிஞ்சும். ஒரு கோட்டையும் அதன் இடைவெளியையும் பிரித்துக் காட்டக் குறைந்தது அந்த 2 பிக்சல் வேண்டும். அதற்கப்பால் எவராலும் வரிசைகளைச் சரியாகக் காட்ட முடியாது. காட்டுவதாகச் சொன்னால் அது மினுக்கம்தான்.

ஆகவே தொலைவில் மிஞ்சப்போவது சராசரி மட்டுமே. அந்தச் சராசரிக்குச் சுமுகமாகப் போய்ச் சேரும்படி அருகிலுள்ள விவரத்தை அமைப்பதில்தான் இந்த வேலையின் திறமை இருக்கிறது. அவர் ஓட்டுக்கு ஓடு நிறத்தைக் கண்டபடி மாற்றியிருந்தார். 0 முதல் 255 வரையுள்ள அளவில் சில ஓடுகள் 40, பக்கத்து ஓடுகள் 170. ஓட்டின் கீழ் விளிம்பில் வரையப்பட்ட கருங்கோடு, அளந்து பார்த்தபோது 16 பிக்சல், அதாவது 30 மி.மீ.க்கு மேல் இருந்தது. ஸ்லேட் ஓட்டின் தடிப்பே பெரும்பாலும் 5 முதல் 8 மி.மீ. வரைதான். அது ஏன் இவ்வளவு தடித்த நிழலைப் போட வேண்டும்? மெல்லிய பலகைக்குத் தடித்த நிழல் போட்டால் அருகில் அது ஸ்லேட்டாகவே தெரியாது, தொலைவில் கோடுகளின் கூட்டமாகத் தெரியும்.

நான் திருத்திய பதிப்பில் ஓடுகளின் சாயலை 78க்கும் 98க்கும் இடையில் அடக்கினேன். விளிம்புக் கோட்டை 4 பிக்சலாகக் குறைத்தேன். அருகில் ஓடுகள் மங்கிவிடும் என்று அஞ்சினேன். மங்கவில்லை. உளி பட்டு உதிர்ந்த விளிம்பு, ஒவ்வொரு ஓடும் கொண்டிருக்கும் சிறு சாய்வு, இவைதான் ஓட்டை ஓட்டிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. நிறவேறுபாடு அதற்குத் துணை மட்டுமே. தொலைவில் கூரை தட்டையாகிவிடாமல் இருக்க, மழைநீர் வழிந்த கறையையும் பாசியையும் கூரை முழுவதையும் மூடும் தனி டெக்ஸ்ச்சரில் மெல்லிய சாயலாக வைத்தேன். 4 மீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும் கோப்பில் ஒரேயொரு வெளிறிய ஓடு இருந்தாலும், 12 மீட்டர் கூரையில் அது மூன்று முறை ஒரே வரிசையில் வந்து கண்ணைக் குத்தும்.

வெள்ளைப் புள்ளிகளின் கதை வேறு. அது, பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசையை நோக்குகிறது என்பதைப் பதிந்து வைக்கும் நார்மல் மேப்பில் இருந்தது. ஓடுகளின் சாய்வுத் திசைகளைச் சுருக்கிச் சராசரி எடுக்கும்போது, திசைகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் சராசரித் திசையன் 1ஐ விடக் குட்டையாகும். அதை மீண்டும் 1 ஆக நீட்டிவிட்டால், கரடாக இருந்த பரப்பு தொலைவில் வழவழப்பான கண்ணாடியாகிவிடும். குட்டையான அளவையே கரட்டுத்தன்மையின் சான்றாகக் கொண்டு பளபளப்பைக் குறைக்கும் வழியை கணினி வரைகலைப் பொறியாளர் மைக்கேல் டாக்ஸ்விக் எழுதியிருக்கிறார். அவர் சூத்திரப்படி, திசையனின் நீளம் 0.9 ஆகக் குறைந்தாலே 100 என்ற பளபளப்பு அடுக்குக்குறி எண் ஏறக்குறைய 8க்கு இறங்க வேண்டும். எனக்கு வந்த கோப்புகளில் கரட்டுத்தன்மையைக் குறிக்கும் ரஃப்னஸ் அளவு எல்லா மிப்மேப் நிலைகளிலும் மாறாமல் இருந்தது. ஒவ்வொரு நிலைக்கும் ரஃப்னஸைக் கணக்கிட்டுச் சேர்த்த பிறகு வெள்ளைப் புள்ளிகள் அடங்கின.

ஸ்லேட்டையாவது இப்படி மீட்க முடிந்தது. மர ஷிங்கிள் டெக்ஸ்ச்சரை முழுவதுமாகத் தூக்கிப் போட்டேன், ஏனென்றால் அது ஷிங்கிளே அல்ல. அருகில் சென்று பார்த்தேன்: ஒரு ஷிங்கிளில் தொடங்கிய மர ரேகை, இணைப்புக் கோட்டைத் தாண்டி, பக்கத்து ஷிங்கிளுக்குள் வளைந்து ஓடியது. ஒரு கணு பாதி மேல் வரிசையிலும் பாதி கீழ் வரிசையிலும் இருந்தது. அகலமான பலகை ஒன்றின் புகைப்படத்தை விரித்து, அதன்மேல் ஸ்லேட் டெக்ஸ்ச்சரின் கோடுகளையே பதித்துவிட்டார். உண்மையான ஷிங்கிள்கள் தனித்தனியாக அறுக்கப்படுபவை. அகலம் ஒன்றுக்கொன்று வேறுபடும், ரேகை ஒவ்வொன்றிலும் தன் விளிம்பில் முடியும், 400 மி.மீ. நீளமுள்ளவற்றில் சுமார் 125 மி.மீ. மட்டுமே வெளியே தெரியும். இந்தக் கோப்பில் எல்லாம் ஒரே அகலம், ஒரே 200 மி.மீ. இடைவெளி. மனம் வெறுத்தது இங்கேதான்.

அவரிடம் கேட்டபோது முதலில் என் கணினியைக் குறை சொன்னார். பிறகு, முந்தைய ஃபிரேம்களைக் கலந்து மினுக்கத்தை மறைக்கும் அமைப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அது மினுக்கத்தை மெழுகுவது உண்மை. ஆனால் கேமரா நகரும்போது அருகிலுள்ள ஓடுகளையும் சேர்த்து மெழுகிவிடும். பணத்தைக் கேட்டதும், படங்களுக்கு நான் எழுத்தில் ஒப்புதல் கொடுத்ததைச் சுட்டிக்காட்டினார். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. முன்பணம் போய்விட்டது.

இப்போது யாரிடம் வாங்கினாலும், நிறக் கோப்பின் சிறிய மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கி, பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்கிறேன்:

```
magick roof_albedo.png -colorspace RGB -filter Box -resize 64x64 -colorspace sRGB roof_64.png
```

நடுவில் நேரியல் நிறவெளிக்கு மாற்றுவது அவசியம்; இல்லாவிட்டால் சராசரி இருண்டுவிடும். 2048 பிக்சல் கோப்பு 64 ஆகும்போது ஒரு வரிசைக்கு 3 பிக்சலுக்குச் சற்று மேல் மிஞ்சும். வரிசைகள் மங்கலாகத் தெரிந்தால் சரி. 32க்கு இறக்கினால் அவை மறைந்து, சீரான சாம்பல் பரப்பு வர வேண்டும். அங்கேயும் வெளிறிய அல்லது கறுத்த திட்டு தெரிந்தால், கூரையில் அது திரும்பத் திரும்ப வரும். அடுத்து, கேமரா பின்வாங்கும் பத்து நொடிக் காணொளியை, ஃபிரேம் கலக்கும் அமைப்பை அணைத்துவிட்டு எடுத்துத் தரச் சொல்கிறேன். எனக்கு விற்றவர் இன்றும் அதே இரண்டு அசையாத படங்களைக் காட்டித்தான் விற்கிறார். அப்படிப் படங்களை மட்டும் அனுப்பி, காணொளி கேட்டால் சாக்குச் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.