இருவர், ஒரு சாக்பீஸ்: கபடியா, பேட்மிண்டனா?

ஆள் இரண்டே பேர்: கதிர், மணி. எதை முதலில் பழகுவது?

கோடு: கபடிக்கு நடுக்கோடு, அதிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். பேட்மிண்டனுக்கு 1.55 மீட்டர் உயரத்தில் ஒரு கயிறு, அதிலிருந்து 1.98 மீட்டரில் சர்வீஸ் கோடு, பின்பாதியை வலம் இடமாகப் பிரிக்கும் இன்னொரு கோடு.

புள்ளி: கபடியில் கதிர் மூச்சுவிடாமல் பாடிப் போகிறான். மணியைத் தொட்டுத் திரும்பினால் 1 புள்ளி. தொடவில்லையென்றால் பாக் லைனையாவது தாண்ட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கால் கோட்டுக்கு அப்பால் ஊன்றும்போது மறுகால் அந்தரத்தில் இருக்க வேண்டும். பின்கால் தரையில் இருந்தால் தாண்டியதாகாது. தொடாமலும் தாண்டாமலும் திரும்பினால் அவுட்.

பேட்மிண்டனில் குழப்பம் சர்வீஸில்தான். சர்வ் போடுபவரின் புள்ளி இரட்டை என்றால் வலப்பக்கம், ஒற்றை என்றால் இடப்பக்கம். அடிப்பது குறுக்காக. கதிர் 3, மணி 2 என்றால் கதிர் இடப்பக்கம் நின்று போடுவான். அதில் தோற்றால் 3-3. அடுத்து மணி போடுவான், அவனுக்கும் 3 என்பதால் அவனும் இடப்பக்கம்தான். இறகுப்பந்து கோட்டின் மேல் விழுந்தால் உள்ளேதான்.

சிமெண்ட் தரையில் கபடி என்றால் தொடுவதோடு நிறுத்துங்கள். பிடித்து இழுத்தால் முட்டி பெயர்ந்துவிடும். முழு ஆட்டம் ஆட இரண்டு பேர் போதுமென்றால் பேட்மிண்டன்தான் சரி. கபடிக்கு அணிக்கு 7 பேர் வேண்டும். இருவரால் பாடிப்போய்த் திரும்புவதை மட்டும் நன்றாகப் பழகலாம்.