வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்: கண்காணிப்பா, உடனடி அறுவைச் சிகிச்சையா?

பல ஆண்டுகள் புகைபிடித்த ஒருவருக்கு, பிரிட்டனில் 65 வயதில் ஆண்களுக்குச் செய்யப்படும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில், வயிற்றின் வழியே செல்லும் முதன்மை இரத்தக்குழாயான பெருந்தமனி 4.6 செ.மீ. விட்டத்துக்கு வீங்கியிருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 செ.மீ. தொட்டாலே அது வீக்கம்தான். புகைப்பழக்கம், ஆணாயிருத்தல், முதுமை, குடும்பத்தில் இந்நோய் இருத்தல் ஆகியவை முக்கியக் காரணிகள்.

உடனே அறுவை செய்துவிட்டால் வீக்கம் வெடிக்கும் அச்சம் பெருமளவு நீங்கும் என்பது உண்மையே. ஆனால் 4 முதல் 5.5 செ.மீ. வரையிலான வீக்கங்களை ஆராய்ந்து 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், வயிற்றைத் திறந்து உடனடியாகச் செய்த அறுவையை அடுத்த 30 நாட்களில் 5.8 சதவீதத்தினர் இறந்தனர், ஆறாண்டு முடிவிலும் உயிர்பிழைப்பில் உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கும் கண்காணிப்பில் வைக்கப்பட்டவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை.

ஆகவே இவருக்குக் கண்காணிப்பே சரியென்பேன்: மூன்று மாதத்துக்கொரு ஸ்கேன், புகையை அறவே விடுதல், இரத்த அழுத்தக் கட்டுப்பாடு. ஸ்கேனில் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். விட்டம் 5.5 செ.மீ. எட்டினாலோ, ஓராண்டில் 1 செ.மீ.க்கு மேல் வளர்ந்தாலோ அறுவை பரிசீலிக்கப்படும். பெண்களுக்குச் சிறிய விட்டத்திலேயே வெடிப்பதால் 5 செ.மீ.யிலேயே யோசிக்கிறார்கள். திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்தால், அளவு எதுவானாலும், உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.