பிளஸ் கோடா, அட்சரேகை தீர்க்கரேகையா?

கொல்லிமலையில் தெருப்பெயரே இல்லாத ஒரு இடம். ஆம்புலன்ஸுக்குப் போனில் வழி சொல்ல வேண்டும். அட்சரேகை 11°15'30" என்பதைக் கேட்பவர் 11.1530 என்று எழுதிக்கொண்டால் வண்டி 11 கி.மீ.க்கு மேல் தெற்கே போய்விடும். சரியான தசம எண் 11.2583. தீர்க்கரேகை 78.3387.

அதே இடத்தின் பிளஸ் கோடு, அதாவது கூகுள் மேப்ஸ் காட்டும் சுருக்கமான இடக்குறியீடு, `785Q+8F நாமக்கல்`. சுமார் 14 மீட்டர் கட்டத்தைக் காட்டும், வாயால் சொல்வதும் எளிது. ஆனால் ஊர்ப்பெயரை விடவே கூடாது, இதே எழுத்துகள் ஒவ்வொரு பாகைக்கும், அதாவது ஏறக்குறைய 110 கி.மீ.க்கு ஒருமுறை, திரும்ப வரும். முழுக் கோடு `7J3W785Q+8F` என்றால் அந்தக் குழப்பமில்லை.

போனில் சொல்ல நான் பிளஸ் கோடைத்தான் எடுப்பேன். கையடக்க ஜிபிஎஸ் கருவி வைத்திருப்பவருக்கு மட்டும் தசம எண்கள், அதுவும் குறுஞ்செய்தியில்.