இரவு 10.30-ஐக் காட்டும் ‘சிறந்த நேரம்’: தேநீர்க் கடைக்கும் அலுவலகத்துக்கும் பதிவிட்ட அனுபவம்

பதிவுகளுக்கு நேரம் குறித்து வைத்து வெளியிடும் கட்டணச் செயலி ஒன்றை மச்சானின் கடைக்காகச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் ஆண்டுக் கட்டணம் அண்மையில் குறைக்கப்பட்டதிலிருந்து, வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நாள்காட்டி, பல கணக்குகளை ஒரே திரையில் பார்க்கும் வசதி, படத்தை அளவாக வெட்டும் கருவி ஆகியவை இப்படியான செயலிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கின்றன என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பதிவை எழுதி முடித்ததும் பச்சை நிறத்தில் வந்து நிற்கும் ‘சிறந்த நேரம்’ என்ற பரிந்துரையைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. செயலியின் விளம்பரம் முழுவதும் அந்த ஒரு வசதியின் பெயரிலேயே நடக்கிறது. எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுவதும் அதுவேதான்.

கடை மட்டக்களப்பு நகரில் உள்ளது. விடியற்காலையிலிருந்து பிளேன்ரீ, பால்ரீ, வடை, மீன் பணிஸ் ஆகியவை ஓட்டோக்காரர்களுக்கும் மேசன்மாருக்கும் சந்தைக்கு வருவோருக்கும் போகின்றன. மதியத்துக்கு அலுவலகங்களிலிருந்து சோற்றுப் பார்சல் கேட்பார்கள். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே கல்லாவில் காசு வாங்கினாலும் இந்த இரண்டு கூட்டத்தாரும் கைத்தொலைபேசியைப் பார்க்கும் நேரங்கள் ஒன்றல்ல. எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் நேரங்கள் அதைவிடவும் வேறுபட்டவை.

அப்படியிருக்க, செயலி எங்களுக்கு இடைவிடாமல் பரிந்துரைப்பது இரவு 10.30 மணியை. அதிலும் வியாழக்கிழமை இரவைத்தான் கிழமையின் உச்சமாகக் காட்டுகிறது. இந்தக் கணிப்பு பொய்யல்ல. பக்கத்தைப் பின்தொடர்வோர் எந்தெந்த நாடுகளில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தால் விளக்கம் அங்கேயே கிடைக்கிறது. இலங்கைக்கு அடுத்து அதில் நிற்பவை கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம். எங்கள் பகுதியில் மத்திய கிழக்கில் ஒருவராவது உழைக்காத குடும்பம் அரிது. ஊர்க் கடையின் பக்கத்தை விருப்பத்தோடு பின்தொடர்பவர்களும் அவர்களே. கத்தாரும் சவூதியும் நம் நேரத்துக்கு இரண்டரை மணிநேரமும், அமீரகம் ஒன்றரை மணிநேரமும் பின்னால் இருக்கின்றன. டோகாவில் வேலை முடித்துக் குளித்துச் சாப்பிட்டு இரவு 8.00 மணிக்குத் தொலைபேசியை எடுக்கும்போது மட்டக்களப்பில் 10.30. கத்தாரிலும் சவூதியிலும் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால் வியாழன் இரவு அவர்கள் நிம்மதியாக நெடுநேரம் விழித்திருக்கும் இரவு. செயலி அதைத்தான் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆனால் அந்த அன்பர்களில் ஒருவரும் நாளை எங்கள் கடையில் தேநீர் குடிக்கப் போவதில்லை.

இதன் விளைவை வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டில் தெளிவாகப் பார்த்தோம். வெள்ளியன்று மரக்கறி மட்டும் சாப்பிடுவோர் அலுவலகங்களில் பலர் என்பதால், அன்றைய பார்சலை முதல் நாளே அறிவிப்பது கடையின் வழக்கம். வியாழன் இரவு 10.30 மணிக்குப் படத்தோடு போட்ட அறிவிப்புக்கு இதயக் குறிகள் குவிந்தன. “எனக்கும் ஒரு பார்சல் அனுப்பி விடுங்கோ”, “கத்தரிக்காய்ப் பால்கறியைப் பார்த்ததும் ஊர் நினைவு வந்துவிட்டது” என்று பின்னூட்டங்கள் நிறைந்தன. செயலியின் மாத அறிக்கையில் அது முதலிடம் பிடித்தது. மறுநாள் கட்டிய பார்சல்களோ வழக்கத்துக்கு மேல் கூடவில்லை. அடுத்த கிழமை அதே படத்தை வியாழன் இரவு 8.00 மணிக்கு முன்பே போட்டு, வெள்ளி காலை 9.15-க்கு விலையையும் கறிகளின் பெயர்களையும் மட்டும் மீண்டும் போட்டோம். இதயக் குறிகள் பாதியாகக் குறைந்தன, ஆனால் 10.00 மணிக்குள் ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் மொத்தமாக எண்ணிக்கை சொல்லி அழைப்புகள் வந்தன, வைத்த கறி மதியத்துக்கு முன்பே முடிந்தது. செயலியின் அட்டவணையில் அந்தப் பதிவு சிவப்பில் கிடந்தது. என் சினத்துக்குக் காரணம் அந்தச் சிவப்பு நிறம்தான்.

அலுவலகத்தார் மதியச் சாப்பாட்டை மதியத்தில் முடிவு செய்வதில்லை. முதல் முடிவு முந்தைய இரவிலேயே வீட்டில் எடுக்கப்படுகிறது: நாளைக்குச் சோறு கட்டுவதா, வெளியில் எடுப்பதா. அதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் சமைப்பவர். இரவுச் சாப்பாட்டு வேலை முடிந்து அவர் தொலைபேசியை எடுக்கும் எட்டு மணியளவு அதற்கான நேரம். இரண்டாவது முடிவு அலுவலகத்தில், கையொப்பமிட்டு முதல் அலுவல்கள் ஓய்ந்த பின், ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் நிகழ்கிறது. ஒரு பிரிவில் ஒருவர் எழுந்து, யார் யாருக்கு என்ன என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார். நம் பதிவு சென்றடைய வேண்டிய ஆள் அந்த ஒருவரே. 11.30 மணிக்குச் சோற்றின் ஆவி பறக்கும் படத்தைப் போடுவது பார்க்க அழகாக இருக்கும். தாள் அதற்கு முன்பே வேறு கடைக்குப் போயிருக்கும். திங்கட்கிழமைக்கான பதிவை ஞாயிறு இரவு போடுவது நன்றாகவே வேலை செய்கிறது. சம்பளத்துக்கு முந்தைய கிழமையில் எந்த நேரத்தில் போட்டாலும் பார்சல் குறையும். அதை நேரத்தின் குறையாக எடுத்துக்கொண்டு அட்டவணையை மாற்றக் கூடாது.

தேநீர்க் கடைக்கு வருவோரை முந்தைய இரவில் தேடிப் பயனில்லை. தேநீர் குடிக்க யாரும் திட்டமிட்டு வருவதில்லை, பழக்கத்தில் வருகிறார்கள். ஆகவே “சூடான தேநீர் தயார்” என்று தினமும் போடுவதால் ஒரு கோப்பையும் கூடாது. வழக்கத்துக்கு மாறான செய்தி இருக்கும்போது மட்டுமே அவர்களுக்குப் பதிவு தேவை: இன்று மீன் பணிஸ் இருக்கிறது, கௌபி அவித்திருக்கிறது, நாளை கடை பூட்டு. அதைச் சொல்லும் நேரத்தை அவர்கள் தொழிலின் போக்கே தருகிறது. ஓட்டோக்காரர் பலருக்குப் பள்ளிப் பிள்ளைகளின் மாத ஓட்டம் உண்டு. பள்ளி காலை 7.30-க்குத் தொடங்கி 1.30-க்கு விடுகிறது என்பதால், ஆறரையிலிருந்து அவர்கள் தொலைபேசியைத் தொடுவதில்லை. அலுவலக ஓட்டமும் முடிந்து தரிப்பிடத்தில் வரிசையில் நிற்கும் ஒன்பது மணிக்குப் பிறகு, பின்னிருக்கையில் சாய்ந்துகொண்டு ஒவ்வொருவரும் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பதைக் கடைக்குள் இருந்தே பார்க்கலாம். 9.30-க்குப் போட்ட செய்திக்கு 9.40-க்கு ஆள் வந்து நிற்கிறார். மேசன் வேலை நடக்கும் இடங்களில் பத்து மணித் தேநீரும் நாலு மணித் தேநீரும் உண்டு. ஆனால் சீமெந்துக் கையோடு யாரும் தொலைபேசியைப் பார்ப்பதில்லை, அது பையில் கிடக்கிறது. பிளாஸ்க்கோடு கடைக்கு வரும் கையாள் ஒருவரிடம்தான் அந்தக் கூட்டத்தின் முழு வாங்கலும் இருக்கிறது. அந்தப் பையன்களின் எண்களை மச்சான் ஒவ்வொன்றாகத் தன் தொலைபேசியில் சேமித்து, தன் எண்ணையும் அவர்களிடம் சேமிக்கச் செய்தார். இரண்டு பக்கமும் எண் சேமித்திருந்தால்தான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பொதுவாகத் தெரியும் என்பது பலரும் கவனிக்காத விடயம்.

தேநீர்க் கூட்டத்துக்கு முகநூல் பக்கத்தைவிட ஸ்டேட்டஸ் ஏற்றது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முகநூலின் ஓடை பதிவுகளை நேர ஒழுங்கில் காட்டுவதில்லை. யாருக்கு எது பிடிக்கும் என்று தரப்படுத்திக் காட்டுகிறது. காலை 9.30-க்குப் போட்ட “மீன் பணிஸ் இப்போது சூடாக” என்ற பதிவு ஒருவருக்கு மாலையிலும் இன்னொருவருக்கு மறுநாளும் தெரியலாம், கடைக்கு வந்து இல்லையென்று கேட்டு அவர் முகம் சுளிக்கலாம். ஆகவே மணிநேரத்தோடு கெட்டுப்போகும் செய்தியை ஓடையில் போடக் கூடாது. நாளைய பார்சல், அடுத்த கிழமை விடுமுறை, விலை மாற்றம் போன்ற ஒரு நாளாவது உயிரோடு இருக்கும் செய்திகளுக்கே ஓடை பொருந்தும். ஸ்டேட்டஸ் 24 மணிநேரத்தில் தானாக மறைந்துவிடும். இந்தச் செயலியால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு நேரம் குறிக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்: எங்கள் வாடிக்கையாளரில் பெரும்பகுதியினருக்குச் சரியான நேரம் எதுவோ, அந்த நேரத்தில் இது கைகட்டி நிற்கிறது.

மட்டக்களப்புக்குச் சரியான அட்டவணை காத்தான்குடிக்கோ கல்முனைக்கோ அப்படியே பொருந்தாது. அங்கே வெள்ளி நண்பகலில் ஜும்ஆவுக்காகக் கடைகள் பூட்டப்படுவதால், அன்றைய மதியப் பதிவு தொழுகை முடிந்த நேரத்துக்குத் தள்ளிப் போக வேண்டும். நோன்பு மாதத்தில் பகல் தேநீர் நின்று, வியாபாரம் முழுவதும் அஸருக்குப் பின் இப்தார் உணவாகவும் இரவு நெடுநேரத் தேநீராகவும் மாறிவிடுகிறது. கடந்த மாதங்களின் தரவை வைத்துப் பரிந்துரைக்கும் செயலி அந்த மாற்றத்தைப் பிடிப்பதற்குள் பெருநாளே வந்துவிடும். போயா நாளில் அலுவலகம் பூட்டு, தேநீர்க் கடை திறப்பு. அம்பாறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போவோர் இருள் பிரியுமுன்னே தேநீர் குடித்துவிடுகிறார்கள்.

நியாயமாகச் சொல்வதானால், குறித்த நேரத்துக்கு வெளியிடும் வேலையில் இந்தச் செயலி ஒருநாளும் தவறியதில்லை. மச்சான் மா பிசைந்துகொண்டிருக்கும்போது 9.15-ப் பதிவு தானாகப் போய்விடுகிறது. வியாழன் இரவுப் பதிவுகளை ஒரு மாதத்துக்குச் சேர்த்து எழுதி வைத்துவிடலாம். சமிக்ஞை விட்டுவிட்டு வரும் நாட்களிலும் இது கைவிட்டதில்லை. ஆதரவுப் பிரிவுக்கு எழுதினால் பணிவாகப் பதில் வருகிறது. ஆனால் நாடு வாரியாகப் பிரித்து நேரத்தைக் காட்டுங்கள் என்று நான் கேட்ட ஒன்றை மட்டும் அவர்கள் செய்யவில்லை. இவ்வளவு நல்லவற்றையும் வைத்துக்கொண்டு, குறைந்த விலையிலும் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன். பிழையான நேரத்தைப் பச்சையிலும் சரியான நேரத்தைச் சிவப்பிலும் தினமும் காட்டும் திரைக்கு ஒரு சிறு கடைக்காரர் காசு கட்டக் கூடாது. முகநூல் பக்கத்துக்கு நேரம் குறித்து வைக்கும் வசதி பக்கத்தோடேயே இலவசமாகக் கிடைக்கிறது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் முதலில் பின்தொடர்வோரின் நாட்டுப் பட்டியலைத் திறந்து பார்க்கட்டும். வெளிநாட்டுப் பங்கு சிறியதாக இருந்தால் பரிந்துரையை ஓரளவு நம்பலாம். பெரியதாக இருந்தால், வாட்ஸ்அப் பிஸ்னஸில் ‘தேநீர்’, ‘அலுவலகம்’ என்று இரண்டு லேபிள்கள் வைத்து வாடிக்கையாளரின் உரையாடல்களை அவற்றில் பிரித்துச் சேர்த்து, வரும் ஒவ்வோர் அழைப்பும் செய்தியும் வந்த நேரத்தை அந்தந்த லேபிளின் பெயரில் ஒரு தாளில் ஒரு மாதம் குறித்து வாருங்கள். ஒவ்வொரு லேபிளிலும் அழைப்புகள் குவியும் நேரத்துக்கு அரை மணி முந்தியே பதிவு போயிருக்க வேண்டும்.