பேக்ஃபிளஷ் முறை: கிளிநொச்சி மிளகாய்த்தூள் ஆலையொன்றில் நீண்டநாள் பாவித்த அனுபவம்

கிளிநொச்சியில் ஒரு சிறிய மிளகாய்த்தூள் ஆலையில் ஸ்டோரும் கணக்கும் என் பொறுப்பு. பக்கற் போடும் பகுதிக்குச் சில வருடங்களாகப் பேக்ஃபிளஷ் முறையைத்தான் பாவிக்கிறோம். பொருளை ஸ்டோரில் இருந்து எடுக்கும்போது எதுவும் பதிவதில்லை. முடிந்த பக்கற் எண்ணிக்கையைப் பதிந்தவுடன், ஒரு பக்கற்றுக்கு இவ்வளவு தூள், இவ்வளவு பிளாஸ்டிக் றோல் என்று முன்பே கொடுத்து வைத்த அளவைப் பெருக்கி, சிஸ்டம் தானாகவே ஸ்டாக்கில் கழித்துக்கொள்ளும். கூலியும் மின்சாரமும் அதே மாதிரி பக்கற் கணக்கில் ஏறும்.

முன்பு ஒவ்வொரு றோலுக்கும் ஒவ்வொரு மூட்டைத் தூளுக்கும் சிட்டை எழுதினோம். எழுதிய சிட்டையில் பாதி மாலையில் நினைவை வைத்து நிரப்பியவை. அந்த வேலை போனது பெரிய நிம்மதி. நாங்கள் பாவிப்பது இஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருள். அதில் `Backflush Raw Materials Based On` என்ற இடத்தில் `BOM`, அதாவது முன்பே கொடுத்து வைத்த அளவுப் பட்டியல், என்று தெரிவு செய்திருக்கிறோம். இன்னொரு தெரிவும் இருக்கிறது. அது உற்பத்திக்கென்று உண்மையில் எடுத்துக்கொடுத்த அளவைக் கழிக்கும். ஆனால் அதற்குத் திரும்பவும் எடுத்துக்கொடுத்ததைப் பதியவேண்டும். அப்படியென்றால் சிட்டையை விட்டு என்ன பிரயோசனம்?

இந்த முறையைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பேக்ஃபிளஷ் நட்டத்தை மறைக்காது, ஆனால் எங்கே நடந்தது என்று சொல்லாது. மாதம் முழுக்க சிஸ்டத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது கழிப்பது நடந்ததை அல்ல, நடந்திருக்க வேண்டியதை. ஸ்டோரில் எண்ணும் அன்றுதான் வித்தியாசம் வெளியே வரும். அந்த வித்தியாசத்தைப் பொருள்பொருளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அதிலேயே கிடக்கும்.

ஒரு மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். 100 கிராம் பக்கற் 60,000 போட்டோம். ஒரு பக்கற்றுக்கு 100 கிராம் தூள், 3.3 கிராம் றோல், 50 பக்கற்றுக்கு ஒரு மட்டைப்பெட்டி. ஆக சிஸ்டம் 6,000 கிலோ தூளும் 198 கிலோ றோலும் 1,200 பெட்டியும் கழித்திருந்தது. எண்ணிப் பார்த்தபோது தூள் 108 கிலோ குறைவு, றோல் 12.2 கிலோ குறைவு. பெட்டி மட்டும் அச்சொட்டாக இருந்தது.

முதலில் பார்க்கவேண்டியது பெட்டியைத்தான். பக்கற் போட்டுவிட்டுப் பதியாமல் விட்டிருந்தால் மூன்றுமே ஒரே வீதத்தில் குறைந்திருக்கும். உதாரணமாக 1,500 பக்கற் பதியாமல் கிடந்திருந்தால் தூள் 150 கிலோ, றோல் சுமார் 5 கிலோ, பெட்டி 30, எல்லாம் 2.5 வீதம். இங்கே தூள் 1.8 வீதம், றோல் 6 வீதம், பெட்டி ஒன்றுமில்லை. எனவே பதிவில் பிழையில்லை, இரண்டு வேறு வேறு கசிவுகள்.

றோல் குறைந்தது பெரும்பாலும் கரண்டால். கரண்ட் நின்றுவிட்டு வந்ததும் சீல் வைக்கும் தாடை மீண்டும் சூடாகும்வரை வரும் பக்கற்றுகளை விரலால் அமத்தினாலே வாய் திறந்துவிடும். மெஷினில் நிற்கும் தங்கச்சி அவற்றை வெட்டி, தூளைத் திரும்ப மேலே கொட்டிவிட்டு, வெறும் உறையை எறிந்துவிடுவார். “தூள் ஒண்டும் நட்டமில்லைத்தானே அக்கா, பிறகு என்னத்தை எழுதுறது?” என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் தூளை விட றோல் அதிக வீதத்தில் குறைந்தது. 12.2 கிலோ என்றால் ஏறத்தாழ 3,700 உறை. அன்றிலிருந்து எறியும் உறைகளை ஒரு சாக்கில் போட்டு மாலையில் நிறுக்கிறோம். எண்ணத் தேவையில்லை, நிறை போதும்.

அந்த 12.2 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு நாள் காலையும் மெஷின் தொடங்கும்போது போவது. அது தவிர்க்க முடியாது, எனவே ஒரு பக்கற்றுக்கான அளவை 3.3 இலிருந்து 3.37 கிராமாக்கினேன். கரண்டால் போவதை அளவுக்குள் சேர்க்கவில்லை, தனியாகக் கழிவு என்று பதிகிறோம். முழுவதையும் அளவுக்குள் சேர்த்துவிட்டால் வித்தியாசம் மறைந்துவிடும், நட்டம் அப்படியே இருக்கும். கணக்காளர்கள் இதை வசதிக்காகச் செய்வார்கள். எனக்கு அது பிடிக்காது.

தூள் குறைந்த கதை வேறு. நிரப்பும் மெஷின் தூளை நிறுத்துப் போடுவதில்லை, உள்ளே திருகு சுற்றும் எண்ணிக்கையால் கனவளவு பார்த்துப் போடுகிறது. அரைத்த கையோடு காற்றுப் பிடித்திருக்கும் தூள் பாரம் குறைவு. இரவு மூட்டையில் கிடந்து இறுகிய தூள் அதே சுற்றுக்குக் கூடுதலாக விழும். பக்கற்றுகளை எடுத்து நிறுத்துப் பார்த்தோம். சராசரி 104.9 கிராம். வெறும் உறை 3.3 கழித்தால் 101.6. அந்த 1.6 கிராமை 60,000 ஆல் பெருக்கினால் 96 கிலோ. மீதி 12 கிலோ கூட்டித் தள்ளியதும் தூசி உறிஞ்சியில் போனதும். கிலோ 1,500 ரூபாய் என்று எங்கள் கணக்கில் வைத்திருந்தோம், எனவே அந்த 108 கிலோவும் 162,000 ரூபாய், ஒரு பக்கற்றுக்கு 2 ரூபாய் 70 சதம். றோலில் போனதை விட இது எத்தனையோ மடங்கு. அதில் பெரும்பங்கு கடைக்காரருக்கு இனாமாகக் கொடுத்தது. இப்போது மணிக்கொரு தடவை பத்துப் பக்கற்றை நிறுத்து, திருகின் சுற்றைச் சரிசெய்கிறார்கள்.

எண்ணும் நாளைப் பற்றியும் ஒன்று. மாதக் கடைசி இரவு பக்கற் போட்டு, காலையில் பதிந்தால், இடையில் எண்ணும்போது இல்லாத குறைவெல்லாம் தெரியும். நாங்கள் மெஷினை நிறுத்தி, மேலே ஹொப்பரில் நிற்கும் தூளை இறக்கி, போட்டது எல்லாவற்றையும் பதிந்த பிறகுதான் எண்ணத் தொடங்குவது. ஹொப்பரில் கிடக்கும் தூளும் மெஷினில் ஏற்றிய அரை றோலும் சிஸ்டத்துக்கு இன்னும் ஸ்டோர்ப் பொருள்தான். அதை மறந்து மூட்டையை மட்டும் எண்ணினால் வித்தியாசம் கணக்கில் வரும், ஆலையில் இருக்காது.

கொழும்பிலிருந்து இரவு லொறியில் வரும் றோல் இன்னொரு தொல்லை. பில் வரும்வரை வரவு பதியாமல் வைத்துவிட்டு, றோலை மட்டும் மெஷினில் ஏற்றினால், பக்கற்றைப் பதியும்போது ஸ்டாக் பூச்சியத்துக்குக் கீழே போகும். `Allow Negative Stock` ஐ அனுமதித்தால் பதிவு நடக்கும், ஆனால் அந்த றோலின் விலை சரியாக ஏறாது. தடுத்தால் பதிவே நடக்காது. நான் தடுத்தே வைத்திருக்கிறேன். ஸ்டோரில் நிற்கும் அண்ணை பில்லைப் பார்க்காமல், வந்த நிறையை வைத்து வரவைப் பதிந்துவிடுவார், விலையைப் பின்னர் திருத்துவோம்.

அரைக்கும் பகுதிக்கு மட்டும் இந்த முறையை நான் கொண்டுவரவே இல்லை. செத்தல் மிளகாயில் காம்பும் ஈரமும் லொட்டுக்கு லொட்டு மாறும். காயவைத்துக் காம்பு உடைத்து அரைத்தால் மிஞ்சுவது ஒவ்வொரு தடவையும் வேறு. அங்கே நிலையான அளவு ஒன்றை வைத்தால் அது பொய்தான் சொல்லும். உள்ளே போன மிளகாயையும் வெளியே வந்த தூளையும் லொட் வாரியாக நிறுத்துத்தான் எழுதுகிறோம். பக்கற் பகுதியில் ஒரு பொருள் சில நிமிடத்தில் முடிந்து வருகிறது, அளவும் பெரிதாக மாறுவதில்லை, அதனால்தான் அங்கே பேக்ஃபிளஷ் ஒத்துவருகிறது. புதிதாக 50 கிராம் பக்கற் தொடங்கினால் முதல் இரண்டு மாதத்துக்கு வாரம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன்; எண்ணிக்கை இரண்டு மூன்று தடவை ஒத்துவந்த பிறகு மாதத்துக்கு மாற்றலாம்.