கையில் ஒரு வெளிறிய திட்டு: போட்டோவில் தெரிவதும் தொட்டால் தெரிவதும்

28 வயதுக் கொத்தனார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முன்கையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிறிய திட்டு. அரிப்பில்லை, வலியில்லை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "டாக்டர், இது சும்மா தேமல்தானே?" என்று கேட்கிறார். படம் தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் அதே படம் பூஞ்சைத் தேமலாக இருக்கலாம், ஆரம்பநிலை வெண்புள்ளியாக இருக்கலாம், தொழுநோயாகவும் இருக்கலாம்.

முதல் சிக்கல் நிறம். வெண்புள்ளியில் நிறமி அறவே போய்விடுவதால் திட்டு சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். மற்ற இரண்டிலும் நிறம் குறையுமே தவிர முழுவதும் போகாது. நேரில் பார்த்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் புரிந்துவிடும். போன் கேமராவோ வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகவே மாற்றிக்கொள்ளும். டியூப்லைட்டில் எடுத்த படம் ஒரு மாதிரி, வெயிலில் எடுத்தது வேறு மாதிரி. மருத்துவர் இருட்டறையில் உட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியில் பார்த்தால், வெண்புள்ளி பளிச்சென்று நீலவெள்ளையாகத் தெரியும். பூஞ்சைத் தேமல் பல சமயம் மஞ்சளாக ஒளிரும்.

அடுத்தது செதில். பூஞ்சைத் தேமலில் மேலோட்டமாக ஒன்றும் தெரியாமல் இருக்கும்; தோலை இழுத்துப் பிடித்தாலோ லேசாகச் சுரண்டினாலோ தவிடு போல மெல்லிய செதில் எழும்பும். போட்டோவைச் சுரண்டிப் பார்க்க முடியாது. சுரண்டியதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையின் குட்டை இழைகளும் உருண்டை வித்துகளும் சேர்ந்து தெரியும். அதற்கு முன்பே அவர் கடையில் ஏதாவது களிம்பு வாங்கிப் பூசியிருந்தால் தோலின் தோற்றமே மாறியிருக்கலாம். அதனால் என்ன பூசினார், எத்தனை நாள் பூசினார் என்று கேட்டாக வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது உணர்ச்சிதான். "உணர்ச்சியற்ற தேமல்" என்று சுகாதாரத் துறையினர் சொல்லும் அந்த ஒரு விஷயம் எந்தப் படத்திலும் பதியாது. சோதனையும் எளியதுதான். பஞ்சை மெல்லிய திரியாக முறுக்கி, என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் காட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்ல வேண்டும். நல்ல தோலிலும் திட்டிலும் மாற்றி மாற்றித் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். தடவக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். நல்ல தோலில் சரியாகக் காட்டுகிறவர் திட்டில் மட்டும் திரும்பத் திரும்பத் தவறவிட்டால், தொழுநோயை உறுதிசெய்யும் முக்கிய அடையாளங்களில் ஒன்று கிடைத்துவிட்டது. பூஞ்சைத் தேமலிலும் வெண்புள்ளியிலும் தொடு உணர்ச்சி அப்படியே இருக்கும்.

அப்புறம் நரம்பு. முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்து, மறு கையோடு ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கயிறு போலத் தடித்திருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா? கரண்டி பிடிக்கும்போது சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறதா? கழுத்துப் பக்கத்திலும், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்திலும் ஓடும் நரம்புகளையும் இதேபோலத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அவர் அனுப்பியது ஒரு திட்டின் படம். முதுகிலும் இடுப்பிலும் அவருக்கே தெரியாமல் இன்னும் நான்கைந்து இருக்கலாம். தொழுநோய் என்று உறுதியானால் இந்த எண்ணிக்கைதான் சிகிச்சைக் காலத்தைத் தீர்மானிக்கும்: ஐந்து வரை என்றால் பொதுவாக 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம். ஐந்துக்குள் இருந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தாலோ தோல் கீறல் பரிசோதனையில் கிருமி தெரிந்தாலோ 12 மாதம்தான். உடல் முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்காமல் கணக்கு சரியாக வராது.

நேரில் பார்த்தாலும் உடனே முடிவு கிடைக்காத சமயம் உண்டு. முகத்தில் நரம்புகள் அதிகம் என்பதால் அங்குள்ள தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையாமலே இருக்கலாம். மிக ஆரம்பநிலையிலும் அப்படித்தான். அப்போது சின்னத் தோல் துண்டை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள், அல்லது சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். போட்டோவுக்கு நல்ல வேலை இங்கேதான் இருக்கிறது. ஜன்னலோர வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஃபில்டர் இல்லாமல், ஒரே தூரத்திலிருந்து மாதத்துக்கு ஒன்று எடுத்துவைத்தால், திட்டு பெரிதாகிறதா, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இடையில் விரல் மரத்தாலோ பிடி தளர்ந்தாலோ அடுத்த படத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே நேரில் போக வேண்டும்.